கமிஷன் இல்லாத திட்டத்தைச் சொல்ல யாரும் வருவதில்லை

கேரளத்தில் மே 31 ஒரு தனி நாள். பிறப்புப் பதிவு பரவலாக இல்லாத காலத்தில், பள்ளியில் சேர்க்கும்போது குழந்தைகளுக்கு மே மாதத்தில் ஒரு பிறந்த தேதியை எழுதிவிடுவார்கள். அதன் விளைவாக இன்றும் அந்த ஒரே நாளில் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஓய்வு பெறுகிறார்கள். தலைமைச் செயலகமும் துறைத் தலைமையகங்களும் குவிந்திருக்கும் திருவனந்தபுரத்தில் இது இன்னும் கண்கூடு. அடுத்த சில மாதங்களில் கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் தொகைகள் கணக்கில் வந்து விழும். வந்த சில நாட்களிலேயே வங்கிக் கிளையிலிருந்து போன் வரும்: “டீச்சர், இவ்வளவு பணம் எஸ்.பி. கணக்கில் சும்மா கிடக்கே? ஒரு நல்ல பிளான் இருக்கு. ஒரு தடவை வந்துட்டுப் போங்க.”

அந்த அழைப்பை எடுக்கும் முன் ஓய்வுபெற்றவர் தெரிந்துகொள்ள வேண்டிய திட்டம் ஒன்று உண்டு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், மத்திய அரசின் பொறுப்பில் நடப்பது. பொதுவாக 60 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் 55 வயதைத் தாண்டிப் பணி ஓய்வு பெற்றவர்களும் சேரலாம். 56 வயதில் ஓய்வு பெறும் கேரள அரசு ஊழியர்கள் பலருக்கு இந்த விலக்கு பொருந்தும். அதற்கு ஒரு கெடு உண்டு: ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். முன்பு ஒரே மாதம்தான் இருந்தது, 2023 நவம்பரில் மூன்றாக்கினார்கள். வந்த ஓய்வுத் தொகைக்கு மேல் போட முடியாது, உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த விகிதத்தில் 20 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் கணக்கில் வரும். வட்டிக்கு வரி உண்டு. ஐந்து ஆண்டு முடிந்ததும் அசல் திரும்பும்.

திருவனந்தபுரம் புளிமூட்டில் உள்ள தலைமை அஞ்சலகத்தில் இதைத் தொடங்கலாம். பல வங்கிக் கிளைகளிலும் தொடங்கலாம். அதாவது போன் செய்து கூப்பிட்ட அதே கிளையிலேயே இந்தக் கணக்கு கிடைக்கக்கூடும். ஆனால் அங்கே யாரும் தானாக இதைச் சொல்ல மாட்டார்கள். முன்பு இந்தத் திட்டத்தைப் பிடித்துக் கொடுக்கும் முகவருக்கு அரை சதவீதம் கமிஷன் இருந்தது. 2011 டிசம்பர் 1 முதல் அதை அரசு நிறுத்திவிட்டது. பி.பி.எஃப். கமிஷனும் அதோடு போயிற்று. கமிஷன் நின்ற பிறகு வீடு தேடி வந்து விளக்கவும் ஆள் இல்லாமல் போனது.

வங்கியில் சொல்லப்படும் ‘நல்ல பிளான்’ எது என்பதைக் கமிஷன் அட்டவணையை வைத்தே ஓரளவு ஊகித்துவிடலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் வகுத்த விதியில், மொத்தமாக ஒரே தடவை பிரீமியம் கட்டும் பாலிசிக்குக் கமிஷன் உச்சவரம்பு 2 சதவீதம். ஆண்டுதோறும் கட்டும் பாலிசிக்கு முதல் ஆண்டு வரம்பு, எத்தனை ஆண்டு கட்ட வேண்டும் என்பதைப் பொறுத்து ஏறும். ஐந்து ஆண்டு கட்டுவதற்கு 15, பத்து ஆண்டுக்கு 30, பன்னிரண்டும் அதற்கு மேலும் என்றால் 35 சதவீதம். அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு 7.5 சதவீதம் வரை. 2023-இல் இந்தத் தனித்தனி வரம்புகளை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு மட்டும் ஒரு வரம்பு வைத்தார்கள். அதற்குள் யாருக்கு எவ்வளவு தருவது என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. ஆனாலும் பழைய அட்டவணை, விற்பவரின் கை எந்தப் பக்கம் நீளும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை 20 லட்சத்தோடு கிளைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் மொத்தத் தொகை இருக்கிறது. மொத்தமாகக் கட்டும் பாலிசியாக அதை விற்றால், பழைய வரம்பின்படி அதிகபட்சக் கமிஷன் 40,000 ரூபாய், அத்தோடு சரி. அதே 20 லட்சத்தை ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் பத்து ஆண்டு கட்டும் பாலிசியாக மாற்றினால், முதல் ஆண்டிலேயே 60,000 வரை. பிறகு ஒன்பது ஆண்டுக்கு ஆண்டுதோறும் 15,000. கூட்டினால் 1,95,000 ரூபாய். மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட வைத்தால் ஒன்றும் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு மேலே ஒரு டார்கெட் இருக்கிறது. அந்த டார்கெட்டை வகுத்தவர்களுக்கு இந்த மூன்று எண்களும் தெரியும். மொத்தப் பணத்தோடு வந்தவரிடம் ஏன் ஆண்டுத் தவணைப் பாலிசி போய்ச் சேருகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அந்தப் பாலிசி அவருக்கு எப்படிச் சொல்லப்படும்? “வருஷம் ரெண்டு லட்சம், பத்து வருஷம். இருபதாவது வருஷம் நாற்பது லட்சம். போட்டதுக்கு அப்படியே டபுள். கேரண்டி.” இது பொய் இல்லை. பத்திரத்தில் அப்படியே இருக்கும். ஏமாற்றம் இருப்பது ‘டபுள்’ என்ற சொல் எழுப்பும் பிரமையில்.

வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் தவணை இருபது ஆண்டு உள்ளே இருக்கிறது, பத்தாவது தவணை பதினொரு ஆண்டு. சராசரியாக ஒவ்வொரு ரூபாயும் பதினைந்தரை ஆண்டு இருக்கிறது. 72-ஐ அந்தப் பதினைந்தரையால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஆண்டுக்கு எவ்வளவு வட்டி போதும் என்பது தெரிந்துவிடும். விடை ஏறத்தாழ 4.6. துல்லியமாகப் போட்டால் 4.5 சதவீதம். இதே தவணைகளுக்கு 7 சதவீதக் கூட்டு வட்டி கிடைத்தால் இருபதாம் ஆண்டு முடிவில் சுமார் 58 லட்சம் இருக்கும். நாற்பதுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவிலுள்ள 18 லட்சத்தில் வரியும், ஆயுள் காப்புக்கான செலவும் ஒரு பங்கு என்பது உண்மை. ஆனால் இந்த ஆசிரியைக்கு அந்தக் காப்பு எதற்கு? பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள், அவருக்கு ஓய்வூதியம் வருகிறது. காப்பு தேவைப்படும் இளம் குடும்பத்துக்கும் டேர்ம் பாலிசி தனியாக மிகக் குறைந்த பிரீமியத்தில் கிடைக்கிறது.

இதில் இன்னொன்றும் நடக்கும். 56 வயதுக்காரரின் உயிருக்குக் காப்பு போட்டால் செலவு கூடும், மருத்துவப் பரிசோதனை வரலாம். அதனால் “பையன் பேர்ல போட்டுக்கலாம் டீச்சர், ரெண்டும் ஒண்ணுதான்” என்பார்கள். இரண்டும் ஒன்றில்லை. காப்பு மகன் உயிருக்கு, கட்டுவது அம்மா. நான்காவது ஆண்டில் அம்மா இறந்துபோனால், தனியாக அதற்கென்று ஒரு துணைக்காப்பு எடுத்திருந்தால் ஒழிய, காப்பீட்டுத் தொகை எதுவும் வராது. மீதி ஆறு தவணைகளை யாராவது தொடர்ந்து கட்ட வேண்டும்.

மோசமான வடிவம் இதற்கும் அடுத்தது. ஆண்டுத் தவணைப் பாலிசி ‘ஒரு தடவை போடும் டெபாசிட்’ என்று சொல்லி விற்கப்படும். அடுத்த ஆண்டு தவணைக்கான நோட்டீஸ் வரும்போதுதான் விஷயம் தெரியும். கட்ட முடியாமல் பாலிசி நின்றுபோகும். பாரம்பரிய பாலிசிகளில் 2024 அக்டோபருக்கு முன்பு இரண்டு ஆண்டு கட்டாமல் நிறுத்தினால் ஒரு ரூபாயும் திரும்பாது. இரண்டாம் ஆண்டில் சரண்டர் செய்தால் கட்டியதில் 30 சதவீதமே உத்தரவாதம். இப்போது வாங்குவதற்கு ஓராண்டு பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே சரண்டர் மதிப்பு உண்டு. ஆனால் அது கட்டியதைவிடக் குறைவாகவே இருக்கும். மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் மூவரும் சேர்ந்து செய்த ஆய்வு, 2004-05 முதல் 2011-12 வரை இப்படித் தவறாக விற்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளால் மக்கள் இழந்தது சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. தனித்தனி வீடுகளில் சத்தமில்லாமல் போன பணம் அது. ‘நம்ம கிரகம்’ என்று விட்டுவிட்டவர்களே அதிகம்.

அந்த ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதியில் சந்தையில் கொடிகட்டிப் பறந்தது யூலிப், அதாவது பங்குச் சந்தையோடு இணைந்த காப்பீடு. 2010 ஏப்ரலில் செபி 14 நிறுவனங்களின் யூலிப் விற்பனைக்குத் தடை போட்டது. செபிக்கும் காப்பீட்டு ஆணையத்துக்கும் மோதல் முற்றி, ஜூனில் அவசரச் சட்டம் வந்து யூலிப் காப்பீட்டு ஆணையத்தின் கையிலேயே தங்கியது. ஆனால் அந்த மோதலால் ஒரு நல்லது நடந்தது. 2010 செப்டம்பர் முதல் யூலிப்பின் கட்டணங்களுக்கு வரம்பு வந்தது, முடக்கக் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாயிற்று, நடுவில் நிறுத்துபவரிடம் பிடிக்கும் தொகையும் குறைந்தது. இன்றைய யூலிப் பழையதைவிட எவ்வளவோ மேல்.

கமிஷன் வெளியே தெரிந்தால் விற்பவர் திருந்துவாரா என்ற கேள்விக்கு அதே காலகட்டத்தில் ஒரு பதில் கிடைத்தது. சந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷாயக் சர்க்கார் ஆகிய பொருளியலாளர்கள் வாடிக்கையாளர்களைப் போல ஆட்களைக் காப்பீட்டு முகவர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். டேர்ம் பாலிசியே பொருத்தமாக இருந்தவர்களுக்கும் பெரும்பாலும் கமிஷன் அதிகமுள்ள பாலிசியே பரிந்துரைக்கப்பட்டது. வாடிக்கையாளர் தவறான நம்பிக்கையோடு வந்தால் முகவர் அதைத் திருத்தவில்லை, தலையாட்டினார். 2010 ஜூலையில் யூலிப்புக்கு மட்டும் கமிஷனைச் சொல்லியாக வேண்டும் என்ற விதி வந்தது. உடனே முகவர்கள் யூலிப்பை விட்டுவிட்டுக் கமிஷன் தெரியாத பாரம்பரிய பாலிசிகளுக்கு நகர்ந்தார்கள். இன்று வங்கிகளில் ‘கேரண்டி’ என்ற சொல் இவ்வளவு கேட்பதற்கு இந்த நகர்வும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போது எதை வைத்துக் கண்டுபிடிப்பது? முதலில் கேட்க வேண்டியது பேச்சில் ‘பாலிசி’ என்ற சொல் வருகிறதா என்று. ‘ஸ்கீம்’, ‘பிளான்’, ‘டெபாசிட்’ என்றே பேச்சு ஓடினால், “இது இன்ஷூரன்ஸா? நான் மொத்தம் எத்தனை தடவை கட்டணும்? யார் உயிருக்குக் காப்பு?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பதிலை வாயால் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: “ஒரு தடவை கட்டினால் போதும், ஐந்தாவது வருடம் முழுப் பணமும் எடுக்கலாம் என்று சொன்னீர்கள். சரிதானே?” உண்மையாக விற்பவர் ஆம் என்றோ, இல்லை என்று திருத்தியோ எழுதுவார். மற்றவர் போன்தான் செய்வார். எழுத்தில் வராத உறுதி நாளை எந்த அலுவலகத்திலும் எடுபடாது.

அடுத்தது பலன் விளக்கத் தாள். கையெழுத்து போடும் முன் இதைத் தந்தே ஆக வேண்டும், வாங்குபவரும் அதில் கையெழுத்திட வேண்டும். அதில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு அனுமானங்களில் தொகைகள் இருக்கும். விற்பவரின் விரல் எப்போதும் 8 சதவீதக் கட்டத்தில்தான் நிற்கும். அது உறுதிமொழி இல்லை. கட்டணங்களைக் கழிப்பதற்கு முந்தைய அனுமானம் மட்டுமே. உத்தரவாதம் என்று தனியாகக் குறித்திருக்கும் தொகையை எடுத்து, மேலே சொன்ன 72 கணக்கைப் போடுங்கள். யூலிப் என்றால் நிகர ஈட்டு விகிதமே அதில் அச்சிட்டிருக்கும்.

மூன்றாவது இடம் விண்ணப்பப் படிவம். “குறுக்குக் கோடு போட்ட இடத்துல எல்லாம் கையெழுத்து போடுங்க டீச்சர், மத்ததை நான் ஃபில் பண்ணிக்கிறேன்” என்பதில்தான் பாதி வழக்குகள் தோற்கின்றன. ஓய்வூதியம் 3 லட்சம் வருபவரின் ஆண்டு வருமானம் 9 லட்சம் என்று எழுதப்படும், ஏனென்றால் உண்மை வருமானத்துக்கு அந்தப் பிரீமியம் கட்டுப்படியாகாது என்று நிறுவனமே திருப்பி அனுப்பிவிடும். தொழில் ‘வியாபாரம்’ ஆகிவிடும். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் வேறு யாருடையதாகவோ இருக்கும். இந்தக் கடைசிதான் மிக ஆபத்து. பாலிசி இப்போது மின்னணு வடிவில் வருகிறது, பிறர் மின்னஞ்சலுக்குப் போனால் நீங்கள் அதைப் பார்க்கவே மாட்டீர்கள். நிரப்பி முடித்த படிவத்தை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளாமல் கிளையை விட்டு எழாதீர்கள். ஆங்கிலம் வராதவருக்கு, அவர் மொழியில் விளக்கிச் சொன்னதாக ஒருவர் எழுதித் தரும் உறுதிமொழிப் பகுதியும் படிவத்தில் இருக்கும். யார் கையெழுத்திட்டார் என்று பாருங்கள்.

பிறகு நிறுவனத்திலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வரும். எத்தனை ஆண்டு கட்ட வேண்டும், இது காப்பீடு என்று தெரியுமா என்றெல்லாம் கேட்பார்கள். அது பதிவாகிறது. “கம்பெனியிலேர்ந்து கூப்பிடுவாங்க, எல்லாத்துக்கும் ‘யெஸ்’ சொல்லிடுங்க, இல்லேன்னா லேட்டாகும்” என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வாங்குபவரைக் காப்பாற்ற வைத்த அழைப்பு, அந்த ஒரு ‘யெஸ்’ஸால் அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

எல்லாம் முடிந்து பாலிசி வந்துவிட்டாலும் வழி அடைபடவில்லை. பத்திரம் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள் ஃப்ரீ லுக் காலம். 2024-க்கு முன்பு பொதுவாக 15 நாட்கள்தான். இந்த நாட்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், காப்பு இருந்த நாட்களுக்கான சிறு தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதி திரும்பும். யூலிப்பில் அன்றைய யூனிட் விலைக்கேற்பக் கூடலாம், குறையலாம். கிளையில் போய்ச் சொன்னால் “மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க” என்று நாள் ஓடும். அதனால் கடிதத்தை நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள்.

அந்த 30 நாளும் போய்விட்டால் புகார்தான். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கூடவே ஆணையத்தின் bimabharosa.irdai.gov.in தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். கேரளம் முழுவதற்கும் அலுவலகம் கொச்சியில், தமிழகத்துக்குச் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க அதிகாரம் உண்டு, தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பாலிசி விதிகளைத் திரித்துச் சொல்லி விற்றதும் அங்கே ஏற்கப்படும் புகார் வகைதான். ஆனால் ‘அவர் அப்படிச் சொன்னார்’ என்பது மட்டும் போதாது. படிவத்தில் 9 லட்சம் என்றும் ஓய்வூதியச் சீட்டில் 3 லட்சம் என்றும் இருப்பதை இரண்டு தாளாக வைத்துக் காட்டினால் பேச்சே வேறு. அந்த வாட்ஸ்அப் செய்தியும் இங்கேதான் உதவும்.

விற்பவரிடம் ஆலோசனை கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? கட்டணம் மட்டும் வாங்கும் ஆலோசகர் என்ற வகை 2013 முதல் செபியின் விதிகளுக்குள் இருக்கிறது. பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர், தான் ஆலோசனை சொல்லும் வாடிக்கையாளருக்கு விற்ற எதற்கும் கமிஷன் வாங்கக் கூடாது. பதிவு எண் INA என்று தொடங்கும், செபியின் இணையதளத்தில் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம். ARN என்று தொடங்கினால் அவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், கமிஷனில் வாழ்பவர். அதில் தவறில்லை, ஆனால் அவர் ஆலோசகர் இல்லை. விசிட்டிங் கார்டில் ‘நிதி ஆலோசகர்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப முடியாது.

நம் ஊரில் இந்தக் கட்டணம் கசக்கிறது. உட்கார்ந்து பேசியதற்கு 25,000 ரூபாயா என்று தோன்றும். கமிஷனாகப் போகும் 1,95,000 நம் கண்ணில் படாததால் வலிப்பதில்லை. என் கருத்தில், ஓய்வுப் பணம் மொத்தமாக வரும் அந்த ஓர் ஆண்டிலாவது ஒருமுறைக் கட்டணம் கொடுத்து எழுத்துபூர்வமான திட்டம் வாங்கிக்கொள்வது நியாயமான செலவு. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. இத்தகைய ஆலோசகர்கள் நாட்டில் மிகக் குறைவு, பெருநகரங்களில்தான் அதிகம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மாதம் 2,000 ரூபாய் சேமிக்கும் சிறு வியாபாரிக்கு இந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. பிரிட்டன் 2012 இறுதியோடு முதலீட்டு ஆலோசனையில் கமிஷனைத் தடை செய்தது. அங்கேயும் சிறு சேமிப்பாளர்கள் பலருக்கு ஆலோசகர் எட்டாமல் போனார். நம் வியாபாரிக்குப் பெரும்பாலும் பி.பி.எஃப்., ஒரு டேர்ம் பாலிசி, வங்கி வைப்பு ஆகியவற்றைத் தாண்டி எதுவும் அவசரத் தேவை இல்லை. அந்த மூன்றையும் ஆலோசகர் இல்லாமலே தொடங்கலாம்.

கட்டண ஆலோசகரிலும் இரண்டு விதம் இருக்கிறார்கள். குறித்த தொகை வாங்குபவருக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம் என்று 2020-இல் வரம்பு வைத்தார்கள், அது பின்னர் 1.51 லட்சமானது. நிர்வகிக்கும் தொகையில் சதவீதமாக வாங்குபவருக்கு வரம்பு ஆண்டுக்கு 2.5 சதவீதம். 20 லட்சத்துக்கு அது ஆண்டுதோறும் 50,000 வரை போகும். மேலும் சதவீதம் வாங்குபவருக்கு, வீட்டுக் கடனை அடைத்துவிடுங்கள் என்று சொல்வதில் தன் வருமானம் குறைகிறது. ஓய்வுபெற்றவருக்குக் குறித்த தொகைக்காரரே பொருத்தம். முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்தாக வேண்டும். பிறகு கட்டணம் காசோலையாகவோ, வங்கி மாற்றாகவோ, யு.பி.ஐ. வழியாகவோதான் போக வேண்டும். ரொக்கமாக வாங்க விதியில் இடமில்லை. திட்டம் கைக்கு வந்ததும், அதில் எழுதியிருப்பவற்றை அவர் மூலமாக இல்லாமல் நீங்களே வாங்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்ற பதிலோடு, எந்த அலுவலகத்துக்கு எந்தப் படிவத்தோடு போக வேண்டும் என்பதையும் அவர் சொல்ல வேண்டும்.